ஏறிக்கொண்டே போகும், மூன்றைத் தொடாது

1690ஆம் ஆண்டு, லைப்சிக் நகரிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஆக்டா எருடிடோரம்’ என்ற அறிஞர் இதழில் சுவிட்சர்லாந்துக் கணிதர் யாகோப் பெர்னூலி வட்டிக் கணக்கு ஒன்றை எழுதினார். கடனுக்கு வட்டி ஆண்டுக்கு ஒருமுறை சேராமல், கணத்துக்குக் கணம் அசலோடு சேர்ந்துகொண்டே இருந்தால் ஆண்டு முடிவில் எவ்வளவு தர வேண்டியிருக்கும் என்பதுதான் கேள்வி.

நம் கணக்குக்கு எண்களை எளிதாக வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் கடன், ஆண்டு வட்டி நூறு சதவீதம். ஆண்டு முடிவில் ஒரே தடவை வட்டி போட்டால் 2 ரூபாய் ஆகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐம்பது சதவீதம் என்று இரண்டு தவணையாகப் போட்டால், ஒரு ரூபாய் முதலில் ஒன்றரை ஆகி, அந்த ஒன்றரை மீண்டும் ஒன்றரை மடங்கு ஆகி, 2.25 ரூபாயில் நிற்கும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றால் 2.370. மாதாமாதம் என்றால் 2.613. தினமும் என்றால் 2.7146. மணிக்கு மணி போட்டால் 2.71813. ஆண்டை n தவணையாகப் பிரித்தால், ஒவ்வொரு தவணையிலும் தொகை 1 + 1/n மடங்காகப் பெருகும். அப்படி n முறை பெருகுவதால் ஆண்டு முடிவில் கையில் இருப்பது

(1 + 1/n)ⁿ

தவணைகளை எண்ணில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் இந்தத் தொகை எங்கே போய் நிற்கும்? இரண்டரை மடங்குக்கு மேல், மூன்று மடங்குக்குக் கீழ் என்று பெர்னூலி விடை சொன்னார். அந்த எல்லைக்குப் பிற்காலத்தில் e என்ற எழுத்தைப் பெயராக்கியவர் லியோனார்டு ஆய்லர். 1748இல் வெளியான தம் நூலில் அதை 2.71828182845904523536028 என்று 23 தசம இடங்கள் வரை அச்சிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய எவருக்கும் e பழக்கமான எழுத்துதான். ஆனால் இந்தத் தொகை ஓர் எண்ணை நோக்கித்தான் போகிறது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வியைப் பலரும் கடந்துவந்திருக்க மாட்டார்கள். மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் 2.718 பக்கம் போய் அடங்குவதுபோலத் தெரிகிறது. அந்தத் தோற்றத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பட்டியல் ஏன் போதாது

இந்த வாய்பாட்டுக்குள் இரண்டு விசைகள் கயிறிழுக்கின்றன. n கூடக்கூட, அடைப்புக்குள் இருக்கும் 1 + 1/n சிறுத்து 1ஐ நெருங்குகிறது. அதே நேரத்தில் மேலே இருக்கும் அடுக்கு பெருத்துக்கொண்டே போகிறது. முதல் விசையை மட்டும் பார்ப்பவர், ‘1ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தான், ஆகவே எல்லை 1’ என்பார். இரண்டாவதை மட்டும் பார்ப்பவர், ‘1ஐ விடப் பெரிய எண்ணை முடிவில்லாமல் பெருக்கினால் அளவில்லாமல் வளரும்’ என்பார். இருவருமே ஒரு n-ஐ நிறுத்திவைத்துவிட்டு இன்னொரு n-ஐ மட்டும் ஓடவிடுகிறார்கள். இரண்டும் ஒரே n. சேர்ந்துதான் ஓட வேண்டும். அப்படி ஓடும்போது எந்தக் கை மேலோங்கும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை. அடுத்த தவணைக்குப் போகும்போது தொகை கூடுமா, குறையுமா என்பதற்கே நியாயம் சொல்லியாக வேண்டும்.

அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் கூடுவது முந்தையதைவிடக் குறைவு. பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டிய பிறகும் தொகை 14.4ஐ எட்டாது. பார்ப்பவர் எவரும் பதினைந்துக்குள் எங்கோ நின்றுவிடும் என்றுதான் நினைப்பார். ஆனால் அது நிற்காது. 1/3 + 1/4 என்பது அரைக்கு மேல். அடுத்து 1/5 முதல் 1/8 வரையுள்ள நான்கும் சேர்ந்து அரைக்கு மேல். அதற்கடுத்த எட்டும் அரைக்கு மேல். இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே இருப்பதால் எந்த வரம்பையும் அது ஒருநாள் தாண்டிவிடும். பட்டியலைப் பார்த்து முடிவு கட்டினால் இங்கே ஏமாந்துபோவோம்.

ஆக, நம் வட்டித் தொகையைப் பற்றி இரண்டு விஷயங்களை நிறுவ வேண்டும். ஒன்று, தவணை கூடும்போதெல்லாம் தொகை கூடுகிறது. இரண்டு, எத்தனை தவணை ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வரம்பை அது தாண்டாது. பாடநூல்களில் பெரும்பாலும் ஈருறுப்புத் தேற்றத்தால் வாய்பாட்டை விரித்து, உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டு இதைச் செய்வார்கள். இங்கே வேறு வழியில் போவோம். சராசரியைப் பற்றிய பழைய சமனின்மை ஒன்றே இந்த வேலை முழுவதையும் முடித்துத் தருகிறது.

ஒரே கருவி

கருவி இதுதான்: சில மிகை எண்கள் இருக்கின்றன. அவற்றின் கூட்டுத்தொகையை மாற்றாமல், எல்லாவற்றையும் சமமாக்கினால் பெருக்கற்பலன் கூடும். முன்பே எல்லாம் சமமாக இருந்தால் மட்டுமே அது மாறாமல் இருக்கும். கணிதத்தில் இதைக் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி சமனின்மை என்பார்கள்.

இதற்கான காரணம் எளிது. எண்கள் சமமில்லை என்றால், சராசரியைவிடச் சிறியது ஒன்றும் பெரியது ஒன்றும் கண்டிப்பாக இருக்கும். சராசரியை m என்றும், சிறியதை a என்றும், பெரியதை b என்றும் வைப்போம். இந்த இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் m, a + b − m என்ற இரண்டை வைப்போம். கூட்டுத்தொகை மாறவில்லை. பெருக்கற்பலன் எவ்வளவு மாறியது?

m(a + b − m) − ab = (m − a)(b − m)

வலப்பக்கத்தில் இரண்டு அடைப்புகளும் மிகை. ஆகவே பெருக்கற்பலன் கூடியிருக்கிறது. இப்படிச் செய்யும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணாவது சரியாகச் சராசரியாக மாறிவிடுகிறது. அதனால் சில படிகளிலேயே எல்லாம் சமமாகிவிடும். ஒவ்வொரு படியிலும் பெருக்கற்பலன் ஏறியிருக்கும். நிரூபணம் அவ்வளவுதான்.

கையால் ஒருமுறை செய்து பார்ப்போம். 1.5, 1.5, 1 என்ற மூன்று எண்கள். கூட்டினால் 4, சராசரி 4/3, பெருக்கினால் 2.25. முதலில் 1ஐயும் ஒரு 1.5ஐயும் எடுத்துவிட்டு 4/3, 7/6 என்று வைக்கிறோம். பெருக்கற்பலன் 2.333 ஆகிறது. இப்போது மிச்சமிருப்பவை 7/6, 1.5. அவற்றை 4/3, 4/3 ஆக்கினால் பெருக்கற்பலன் 64/27, அதாவது 2.370. கூட்டுத்தொகை கடைசிவரை 4தான்.

இந்த எண்களை வட்டிக் கணக்கில் முன்பே பார்த்தோம். 2.25 என்பது இரண்டு தவணைக்கான தொகை, 2.370 என்பது மூன்று தவணைக்கானது. இது தற்செயல் இல்லை.

ஏறுகிறது

பொதுவாகச் செய்வோம். 1 + 1/n என்ற எண்ணை n முறை எழுதுங்கள். பக்கத்தில் ஒரே ஒரு 1ஐச் சேர்த்து எழுதுங்கள். மொத்தம் n + 1 எண்கள்.

இவற்றின் பெருக்கற்பலன் (1 + 1/n)ⁿ. கடைசியில் சேர்த்த 1 பெருக்கலில் எதையும் மாற்றாது.

கூட்டுத்தொகை? n முறை எழுதிய 1 + 1/n எல்லாம் சேர்ந்து n + 1. அதோடு சேர்த்த 1ஐயும் கூட்டினால் n + 2. எண்களின் எண்ணிக்கை n + 1 என்பதால் சராசரி (n + 2)/(n + 1). இதைப் பிரித்து எழுதினால் 1 + 1/(n + 1).

இப்போது எல்லா எண்களையும் சராசரிக்குச் சமமாக்குவோம். 1 + 1/(n + 1) என்ற எண் n + 1 முறை வரும். பெருக்கற்பலன் கூடியாக வேண்டும்:

(1 + 1/n)ⁿ < (1 + 1/(n + 1))ⁿ⁺¹

இடப்பக்கம் n தவணைக்கான தொகை. வலப்பக்கம் n + 1 தவணைக்கானது. தவணை ஒன்று கூடினால் தொகை கண்டிப்பாகக் கூடும் என்று நிறுவிவிட்டோம். n எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதே வாதம் செல்லும்.

இந்த வாதத்தின் உயிர் அந்தக் கூடுதல் 1இல் இருக்கிறது. பெருக்கலில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் கூட்டலிலும் எண்ணிக்கையிலும் அது இடம் பிடிக்கிறது. அதனால்தான் n எண்கள் n + 1 எண்களாகின்றன, சராசரியும் நமக்கு வேண்டிய வடிவத்தில் வந்து நிற்கிறது. அடைப்புக்குள் இருப்பது சிறுத்ததால் வந்த இழப்பை, அடுக்கு கூடியதால் வந்த ஆதாயம் எப்போதும் மிஞ்சுகிறது என்பதை இந்த ஒரு 1 காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தாண்டாது

ஏறிக்கொண்டே இருப்பது மட்டும் போதாது என்று 1 + 1/2 + 1/3 + … காட்டிவிட்டது. எனவே ஒரு கூரை வேண்டும். அதே கருவிதான், இம்முறை 1க்குப் பதிலாக இரண்டு அரைகளைச் சேர்ப்போம்.

1 + 1/n என்ற எண் n முறை, அதோடு 1/2, 1/2. மொத்தம் n + 2 எண்கள். கூட்டுத்தொகை முன்போலவே n + 1, அதோடு இரண்டு அரைகள் சேர்ந்த 1. ஆக n + 2. எண்ணிக்கையும் n + 2, கூட்டுத்தொகையும் n + 2. எனவே சராசரி சரியாக 1. எல்லாவற்றையும் 1 ஆக்கினால் பெருக்கற்பலன் 1. சமமாக்குவதற்கு முன் இருந்த பெருக்கற்பலன் அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும்:

(1 + 1/n)ⁿ × 1/2 × 1/2 < 1

அதாவது (1 + 1/n)ⁿ < 4. தவணை ஆயிரமாகட்டும், கோடியாகட்டும், ஒரு ரூபாய் நான்கு ரூபாயைத் தொடாது.

எல்லை ஒன்று இருக்கிறது என்று சொல்ல இந்த 4 போதும். கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியமில்லை, இருந்தால் சரி. ஆனால் பெர்னூலி 3 என்றார். அவ்வளவு நெருக்கமான கூரையையும் இதே கருவி தரும். அதற்கு நம் தொகைக்கு ஒரு துணை வேண்டும்.

அடைப்பை அப்படியே வைத்துக்கொண்டு அடுக்கில் மட்டும் ஒன்றைக் கூட்டினால் (1 + 1/n)ⁿ⁺¹ கிடைக்கும். முன்னதைக் கீழ்வரிசை என்றும், இதை மேல்வரிசை என்றும் அழைப்போம். ஒரே n-க்கு மேல்வரிசை எண் எப்போதும் பெரியது, ஏனென்றால் அது கீழ்வரிசை எண்ணை 1 + 1/n ஆல் இன்னொரு முறை பெருக்கியதுதான். மேல்வரிசை எண்கள் இப்படி வருகின்றன: 4, 3.375, 3.160, 3.052, 2.986. இறங்குகின்றன. எப்போதும் இறங்குமா?

n/(n + 1) என்ற எண்ணை n + 1 முறை எழுதி, ஒரு 1ஐச் சேர்ப்போம். மொத்தம் n + 2 எண்கள். கூட்டுத்தொகை n + 1, சராசரி (n + 1)/(n + 2). சமமாக்கினால் பெருக்கற்பலன் கூடும் என்பதால்

(n/(n + 1))ⁿ⁺¹ < ((n + 1)/(n + 2))ⁿ⁺²

இருபுறமும் தலைகீழாக்கினால் சமனின்மையின் திசை மாறும். n/(n + 1)இன் தலைகீழி 1 + 1/n. (n + 1)/(n + 2)இன் தலைகீழி 1 + 1/(n + 1). ஆகவே மேல்வரிசையில் n-ஆம் எண், அதற்கடுத்த எண்ணைவிடப் பெரியது. மேல்வரிசை எப்போதும் இறங்குகிறது.

இப்போது படம் தெளிவாகிறது. கீழ்வரிசை ஏறுகிறது, மேல்வரிசை இறங்குகிறது, ஒரே n-க்கு மேல்வரிசை மேலேயே இருக்கிறது. எனவே கீழ்வரிசையில் எந்த எண்ணை எடுத்தாலும் அது மேல்வரிசையின் எந்த எண்ணைவிடவும் சிறியது. மேல்வரிசையின் ஐந்தாம் எண் (6/5)⁶ = 2.985984. ஆகவே வட்டித் தொகை எந்தக் காலத்திலும் 3ஐத் தொடாது.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்துவிடலாம். மேல்வரிசை எண் என்பது கீழ்வரிசை எண்ணோடு அதன் n-இல் ஒரு பங்கைச் சேர்த்தது. கீழ்வரிசை எண் 3க்குக் குறைவு என்பதால் இடைவெளி 3/n-ஐவிடக் குறைவு. n = 100 என்றால் கீழே 2.7048, மேலே 2.7319. n = 1000 என்றால் கீழே 2.7169, மேலே 2.7196. இரண்டும் ஒரே எண்ணை நோக்கி நெருக்கிக்கொண்டு வருகின்றன.

கணினி தவறும் இடம்

இந்த நிரூபணத்தால் கணக்குப் போடுபவருக்கு என்ன பயன்? கணினியில் பைத்தான் மொழியைத் திறந்து, தவணையை 10¹⁵ என்று வைத்துக் கேட்டுப் பாருங்கள்:

```
>>> (1 + 1/10**15) ** 10**15
3.035035206549262
>>> (1 + 1/10**16) ** 10**16
1.0
```

முதல் விடை 3ஐத் தாண்டிவிட்டது. பட்டியலை மட்டுமே நம்பியிருப்பவர் இங்கே குழம்பிப்போவார். தொகை 2.718இல் அடங்குவதுபோல் இருந்து, மிகப் பெரிய n-க்கு மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டதோ என்று நினைக்கவும் இடமுண்டு. நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. 3ஐத் தாண்டாது என்று நிறுவியிருக்கிறோம். எனவே தவறு கணினியில்தான். இரண்டாவது விடையும் அப்படியே. தவணை கூடினால் தொகை ஏற வேண்டும், 2க்குக் கீழே அது ஒருபோதும் இறங்க முடியாது.

எங்கே பிசகியது என்பதையும் கண்டுபிடிக்கலாம். கணினி ஒரு தசம எண்ணை ஏறத்தாழ பதினாறு இலக்கத் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்கிறது. 1க்கு அடுத்ததாக அதற்குத் தெரிந்த எண், 1ஐவிட ஏறத்தாழ 2.22 × 10⁻¹⁶ கூடுதல். அந்த இடைவெளியின் முழு மடங்குகளைத்தான் அதனால் 1க்கு மேலே குறிக்க முடியும். நாம் சேர்க்கச் சொன்னது 10⁻¹⁵. அது அந்த இடைவெளியைப்போல் நாலரை மடங்குக்குச் சற்றே மேல். கணினி அதை ஐந்து மடங்காக முழுமையாக்கிக்கொண்டது. அதாவது 1.00 என்று கொடுத்த இடத்தில் 1.11 என்று வாங்கிக்கொண்டது. சிறு பிழைதான், ஆனால் அதையே ஆயிரம் லட்சம் கோடி தடவை, அதாவது 10¹⁵ முறை பெருக்கும்போது விடையே மாறிவிடுகிறது.

10¹⁶ தவணையில் சேர்க்க வேண்டிய 10⁻¹⁶ அந்த இடைவெளியில் பாதிகூட இல்லை. கணினி அதைச் சுழியமாக்கிவிட்டு, வெறும் 1ஐப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. ‘1ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தான்’ என்று சொன்னவர் செய்த அதே பிழை. அடைப்புக்குள் இருக்கும் n-ஐ முடிவிலிக்கு அனுப்பிவிட்டு, அடுக்கில் இருக்கும் n-ஐப் பின்தங்கவிட்டது.

e-இன் இலக்கங்கள் வேண்டுமானால் இந்த வாய்பாட்டில் பெரிய n-ஐப் போடக் கூடாது. பிழையில்லாமல் கணக்கிட்டாலும் இது மிக மெதுவாகத்தான் நெருங்கும். ஒரு தசம இடம் கூடுதலாகச் சரியாக வர n பத்து மடங்கு பெருக வேண்டியிருக்கும். அதற்கு ஏற்றது 1 + 1 + 1/2 + 1/6 + 1/24 + … என்ற தொடர். இதன் பகுதிகளில் இருப்பவை 1 × 2 × 3 × … என்று பெருகும் எண்கள். பகுதி 1 முதல் 10 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலன் ஆகும் உறுப்பு வரை கூட்டினாலே 2.7182818 என்று ஏழு தசம இடங்கள் சரியாக வந்துவிடும்.

ஏறுவது எங்கே போய்ச் சேரும்?

ஏறுகிறது என்று காட்டினோம், தாண்டாது என்றும் காட்டினோம். அதனால் ஓர் எண்ணை நெருங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லி முடித்துவிடலாமா? இந்தக் கடைசிப் படியையும் நின்று பார்க்க வேண்டும்.

தசம இலக்கங்களைக் கவனியுங்கள். தொகை 2இல் தொடங்கி ஏறுகிறது, 3ஐத் தொடாது. எனவே முழு எண் பகுதி என்றென்றும் 2தான். அடுத்து முதல் தசம இலக்கம். தொகை இறங்காது என்பதால் இந்த இலக்கமும் இறங்க முடியாது, ஏற மட்டுமே முடியும். ஏறினாலும் 9ஐத் தாண்ட வழியில்லை, தாண்டினால் 2 என்பது 3 ஆகிவிடும். ஆகவே ஏதோ ஒரு கட்டத்தில் அது நிலைத்தாக வேண்டும். கணக்கிட்டால் 74ஆம் தவணையில் 7 ஆகி நின்றுவிடுகிறது. முதல் இலக்கம் நிலைத்த பிறகு இரண்டாம் இலக்கத்துக்கும் இதே கதி. அது 164ஆம் தவணையில் 1 ஆகி நிற்கிறது. மூன்றாவது 4822ஆம் தவணையில் 8 ஆகி நிற்கிறது. இப்படி ஒவ்வோர் இலக்கமும் தன் நேரம் வரும்போது உறைந்துபோகிறது. உறைந்த இலக்கங்களை வரிசையாக எழுதினால் 2.718… என்று முடிவில்லாத ஒரு தசமம் கிடைக்கிறது. மூன்று இலக்கங்கள் உறைந்த பிறகு தொகைக்கும் அந்தத் தசமத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. பத்து இலக்கங்கள் உறைந்த பிறகு ஆயிரம் கோடியில் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. எல்லையை நெருங்குகிறது என்பதன் பொருள் இதுவே.

இந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. இப்படிக் கிடைத்த முடிவில்லாத தசமம் ஒவ்வொன்றும் ஓர் எண் என்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். பின்னங்கள் மட்டுமே எண்கள் என்று வைத்துக்கொண்டால் இது செல்லாது. நம் கீழ்வரிசையில் உள்ளவை எல்லாம் பின்னங்கள்தான்: 2, 9/4, 64/27, 625/256 … ஆனால் அவை நெருங்கும் e பின்னமல்ல என்று ஆய்லர் 1737இல் நிறுவினார். பின்னங்களின் உலகத்தில் மட்டும் வாழ்பவருக்கு இந்த வரிசை ஏறுகிறது, 3ஐத் தாண்டுவதில்லை, ஆனாலும் போய்ச் சேர இடமில்லை. அது சேர வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது.

1858இல் சூரிக் நகரத்தின் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நுண்கணிதத்தின் தொடக்கப் பாடங்களை நடத்திக்கொண்டிருந்த ரிச்சர்டு டெடிகிண்டுக்கு இந்த இடம்தான் உறுத்தியது. ஏறிக்கொண்டே போய், ஆனால் எல்லா வரம்புகளையும் தாண்டாத ஓர் அளவு ஏதோ ஓர் எல்லையை நெருங்கியே ஆக வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது, படம் வரைந்து காட்டுவதைத் தவிர அவரிடம் வேறு ஆதாரம் இருக்கவில்லை. படத்தை நம்பாமல் எண்களைக் கொண்டே அதை நிறுவ வேண்டும் என்று முனைந்து, அந்த ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி வழியைக் கண்டுபிடித்தார். 1872இல்தான் அதை அச்சில் வெளியிட்டார். பின்னங்கள் எல்லாவற்றையும் கீழ்த்தொகுதி, மேல்தொகுதி என்று இரண்டாக வெட்டுங்கள். கீழே உள்ள ஒவ்வொன்றும் மேலே உள்ள ஒவ்வொன்றையும்விடச் சிறியதாக இருக்கட்டும். அந்த வெட்டு விழும் இடத்தில் பின்னம் இல்லையென்றால், அந்த வெட்டையே ஒரு புதிய எண்ணாகக் கொள்ளுங்கள் என்றார். இப்படி ஓட்டைகள் அத்தனையும் அடைபட்ட பிறகு கிடைப்பதுதான் மெய்யெண்களின் உலகம்.

நம் இரண்டு வரிசைகளும் அப்படிப்பட்ட ஒரு வெட்டைத் தாமாகவே தருகின்றன. கீழ்வரிசையின் ஏதோ ஓர் எண்ணைவிடச் சிறிய பின்னங்கள் எல்லாம் கீழ்த்தொகுதி. மற்றவை மேல்தொகுதி, மேல்வரிசை எண்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். இரண்டு வரிசைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி 3/n-க்குள் சுருங்கிக்கொண்டே போவதால், அந்த வெட்டு விழ ஒரே ஓர் இடம்தான் உண்டு. அந்த இடத்துக்குப் பெயர்தான் e. ‘n முடிவிலியை நோக்கிப் போகும்போது (1 + 1/n)ⁿ-இன் எல்லை e’ என்று பாடநூலில் ஒரே வரியில் இருக்கும் வரையறையை எழுதும் உரிமை, இவ்வளவும் நிறுவிய பிறகுதான் நமக்குக் கிடைக்கிறது.